இரண்டு வருடமா, நான்கு வருடமா? மூர் விதியைச் சோதிக்கும் முன் எதை எண்ணுகிறோம் என்று முடிவு செய்வோம்

மூர் விதி செத்துவிட்டது என்று ஒரு பதிவு வரும். மறுநாளே, இல்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்று இன்னொன்று வரும். இரண்டு தரப்பும் காட்டுவது இரண்டே எண்களைத்தான்: பழைய சிப் ஒன்றில் இருந்த டிரான்சிஸ்டர்கள், புதிய சிப் ஒன்றில் இருக்கும் டிரான்சிஸ்டர்கள். பெருக்கல் வகுத்தலில் யாரும் பெரிதாகத் தவறுவதில்லை. எந்த இரண்டு சிப்பை எடுத்தார்கள், அவற்றில் எதை எண்ணினார்கள் என்பதில்தான் கோளாறு. ஆகவே கணக்கை ஒரு முறை முழுசாகப் போட்டுப் பார்ப்போம்.

முதலில், விதி சொன்னது என்ன? 1965 ஏப்ரலில், ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவுக்குத் தலைவராக இருந்த கார்டன் மூர், ஒரு சிப்பில் வைக்கும் டிரான்சிஸ்டர் போன்ற உறுப்புகள் ஆண்டுக்கு ஒரு முறை இரட்டிப்பாகின்றன, 1975ல் சுமார் 65,000 ஆகும் என்று எழுதினார். 1975ல் அவரே அந்த வேகத்தைக் குறைத்து, இனிமேல் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை என்றார். எல்லோர் வாயிலும் இருக்கும் '18 மாதம்' மூர் சொன்னது அல்ல. இன்டெலில் இருந்த டேவிட் ஹவுஸ் கணித்தது அது. சிப்பின் செயல்திறனைப் பற்றியது, டிரான்சிஸ்டர் எண்ணிக்கையைப் பற்றியது அல்ல. எனவே இங்கே சோதிக்கப் போவது இரண்டு ஆண்டு என்ற கணக்கை.

இதற்கு இரண்டு சூத்திரம் போதும். t என்பது இடைப்பட்ட ஆண்டுகள், T என்பது இரட்டிப்புக் காலம். N0 தொடக்க எண்ணிக்கை, N கணித்த எண்ணிக்கை, N1, N2 முதல் சிப்பிலும் இரண்டாவது சிப்பிலும் இருக்கும் எண்ணிக்கைகள், ln இயல் மடக்கை.

```
N = N0 * 2^(t/T)
T = t * ln(2) / ln(N2/N1)
```

முதல் வரி வருங்காலத்தைக் கணிப்பதற்கு. இரண்டாவது, நடந்து முடிந்ததிலிருந்து இரட்டிப்புக் காலத்தைக் கண்டுபிடிப்பதற்கு. இரண்டையும் குழப்பக் கூடாது. இரண்டு புள்ளிகளை எடுத்து இரண்டாவது சூத்திரத்தில் போட்டால் ஏதோ ஒரு T எப்போதும் கிடைக்கும். அது சோதனை ஆகாது. ஒரு புள்ளியிலிருந்து தொடங்கி, T முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்து, கணித்த எண்ணை இரண்டாவது புள்ளியோடு ஒப்பிட்டால்தான் சோதனை.

தொடக்கப் புள்ளியாக இன்டெல் 4004ஐ எடுக்கலாம். 1971 நவம்பரில் வந்தது, சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள். ஒப்பிட வேண்டிய சிப், 2000 நவம்பரில் வந்த பென்டியம் 4. இரண்டும் நவம்பர் என்பதால் இடைவெளி சரியாக 29 ஆண்டு, அதாவது 14.5 இரட்டிப்பு. 2ஐ 14.5 அடுக்குக்கு உயர்த்தினால் சுமார் 23,170. 2,300ஆல் பெருக்கினால் 5.33 கோடி. பென்டியம் 4ல் உண்மையில் இருந்தவை 4.2 கோடி.

இதை 'ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஆகவே கணிப்பு தவறு' என்று வாசிப்பது பொருந்தாது. இரட்டிப்பாகும் ஒன்றில் பிழையைக் காலத்தில் அளக்க வேண்டும். 5.33க்கும் 4.2க்கும் உள்ள வித்தியாசம் ஓர் இரட்டிப்பில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது எட்டு மாதத் தாமதம். 29 ஆண்டு ஓடிய கணிப்புக்கு எட்டு மாதப் பிழை! பின்னோக்கிக் கணக்கிட்டால் T 2.05 ஆண்டு வருகிறது. இதே இடத்தில் 18 மாதத்தைப் போட்டால் 150 கோடிக்கு மேல் கிடைக்கும். உண்மையைவிட 36 மடங்கு. 18 மாதக் கணக்கு எண்ணிக்கைக்குப் பொருந்தாது என்பதற்கு இந்த ஒரு வரியே போதும்.

இதே கணக்கில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, பலரும் இதைக் கவனிப்பதில்லை. பென்டியம் 4ல் 4.2 கோடிக்குப் பதில் 8.4 கோடி இருந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையில் இரண்டு மடங்கு பிழை. T எவ்வளவு மாறும்? 2.05லிருந்து 1.91, அவ்வளவுதான். இடைவெளி நீளமாக இருந்தால் எண்ணிக்கையில் இரண்டு மடங்கு பிழை இருந்தாலும் T பெரிதாக அசையாது. நீண்ட காலச் சோதனையின் பலம் அது. அண்மையில் வேகம் குறைந்திருந்தால் அதையும் இந்தச் சோதனை மறைத்துவிடும் என்பது பலவீனம்.

இப்போது 2020க்கு வருவோம். ஆப்பிள் எம்1 அந்த ஆண்டு நவம்பரில் வந்தது. 1971லிருந்து 49 ஆண்டு, 24.5 இரட்டிப்பு. கணித்தால் சுமார் 5,460 கோடி வர வேண்டும். எம்1ல் இருப்பவை 1,600 கோடி. மூன்றரை ஆண்டுத் தாமதம். 'செத்துவிட்டது' கட்சிக்கு நல்ல ஆதாரம்.

ஆனால் அதே 2020 மே மாதம் என்விடியா அறிவித்த ஏ100 சிப்பில் 5,420 கோடி டிரான்சிஸ்டர்கள். மே மாதத்துக்குக் கணித்தால் வருவது சுமார் 4,590 கோடிதான். ஆக, இந்தச் சிப் அரை ஆண்டு முன்னதாகவே வந்து நிற்கிறது. ஒரே ஆண்டு, ஒரே தொடக்கப் புள்ளி, ஒரே சூத்திரம். விடை மட்டும் எதிரெதிர்.

காரணம் பரப்பு. ஏ100ன் சிலிக்கான் துண்டு 826 சதுர மில்லிமீட்டர். எம்1 சுமார் 120. 4004 வெறும் 12. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை என்று பார்த்தால் எம்1தான் நெருக்கமானது: அதில் சுமார் 13 கோடி, ஏ100ல் சுமார் 6.5 கோடி. எம்1, சிப்புகளைத் தயாரித்துக் கொடுக்கும் டிஎஸ்எம்சி நிறுவனத்தின் 5 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் செய்தது, ஏ100 அதற்கு முந்தைய 7 நானோமீட்டரில். பழைய தொழில்நுட்பத்தில் செய்த சிப் எண்ணிக்கையில் முந்துவது துண்டு பெரிதாக இருப்பதால் மட்டுமே.

மூர் 1965லேயே இதற்கு ஒரு நிபந்தனை போட்டிருந்தார் என்பதை நாம் மறந்துவிட்டோம். அவர் சொன்னது 'முடிந்தவரை அதிகமாக எத்தனை திணிக்கலாம்' என்பது அல்ல. ஓர் உறுப்புக்கான செலவு மிகக் குறைவாக இருக்கும் எண்ணிக்கையைத்தான் சொன்னார். துண்டு பெரிதாகப் பெரிதாக, அதில் ஒரு குறையாவது விழும் வாய்ப்பு கூடும், தேறும் சிப்புகள் குறையும், செலவு ஏறும். விலையைப் பொருட்படுத்தாத தரவு மையச் சந்தைக்காகச் செய்த 826 சதுர மில்லிமீட்டர் சிப்பை அந்த விதிக்குச் சாட்சியாகக் கொண்டுவருவது நியாயமில்லை என்பது என் கருத்து.

சரி, ஒரே வகைச் சிப்பை மட்டும் பார்ப்போமே. ஏ100க்குப் பிறகு 2024 மார்ச்சில் என்விடியா பிளாக்வெல்லை அறிவித்தது: 20,800 கோடி டிரான்சிஸ்டர்கள். இடைவெளி 3 ஆண்டு 10 மாதம். இரண்டாவது சூத்திரத்தில் போட்டால் T 1.98 ஆண்டு. ஏறக்குறைய மூர் சொன்னதேதான்! இந்த எண்ணைக் காட்டிக் கொண்டாடுகிறவர்கள் ஒன்றைச் சொல்வதில்லை. பிளாக்வெல் இரண்டு சிலிக்கான் துண்டுகளை ஒரே பேக்கேஜில், அதாவது ஒரே உறைக்குள், இணைத்தது. துண்டுக்கு 10,400 கோடி. அதை வைத்துக் கணக்கிட்டால் T 4.08 ஆண்டு.

29 ஆண்டு இடைவெளியில் இரண்டு மடங்கு வித்தியாசம் T-ஐ 0.14 ஆண்டுதான் அசைத்தது. நான்கு ஆண்டு இடைவெளியில் அதே இரண்டு மடங்கு, விடையையே இரண்டு மடங்காக்கிவிடுகிறது. அதனால்தான் குறுகிய இடைவெளியில் சோதிக்கும்போது, ஒரு துண்டா ஒரு பேக்கேஜா என்பதை முதல் வரியிலேயே எழுத வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

குறுகிய இடைவெளியின் விடையை அப்படியே நம்பவும் முடியாது. ஏ100க்கும் பிளாக்வெல்லுக்கும் நடுவில் 2022 மார்ச்சில் வந்த எச்100ல் 8,000 கோடி. அங்கே நிறுத்தினால் T சுமார் மூன்றேகால் ஆண்டு. எச்100லிருந்து பிளாக்வெல்லின் ஒரு துண்டு வரை மட்டும் பார்த்தால் ஐந்து ஆண்டுக்கு மேல். அவை இரண்டும் டிஎஸ்எம்சியின் ஒரே தொழில்நுட்பக் குடும்பத்தில் செய்தவை என்பதால் அந்தக் கட்டத்தில் நெருக்கம் பெரிதாகக் கூடவில்லை.

ஆகவே வேறொரு வகைச் சிப்பிலும் சரிபார்க்க வேண்டும். ஆப்பிளின் எம்1ல் 1,600 கோடி, 2024 மே மாதம் வந்த எம்4ல் 2,800 கோடி. இடைவெளி மூன்றரை ஆண்டு. T சுமார் 4.3. அளவிலும் விலையிலும் பயனிலும் சம்பந்தமே இல்லாத இரண்டு குடும்பங்கள் நான்கை ஒட்டிய விடையே தருகின்றன. ஒரு துண்டு சிலிக்கானைப் பொறுத்தவரை இரண்டு ஆண்டு இரட்டிப்பு இப்போது நடக்கவில்லை. இதை வெளிப்படையாகச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. அதே சமயம் பேக்கேஜ் கணக்கில் அது நடக்கிறது. அதுவும் உண்மையான பொறியியல்தான், ஆனால் 1971லிருந்து நாம் எண்ணிவந்த பொருள் அது அல்ல.

முன்னோக்கிக் கணித்தால் இந்த வித்தியாசம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள். பிளாக்வெல்லின் ஒரு துண்டிலிருந்து தொடங்கி 2034 மார்ச் வரை பத்து ஆண்டு. T 2 என்றால் 32 மடங்கு, சுமார் 3.3 லட்சம் கோடி டிரான்சிஸ்டர். T 4 என்றால் 5.7 மடங்கு, சுமார் 59,000 கோடி. வரைபடத்தில் இந்த இரண்டு கோடுகளில் ஒன்றை மட்டும் வரைந்து காட்டுபவரிடம் T எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

என் கணிப்பு இரண்டாவது கோட்டை ஒட்டியது, ஒருவேளை அதற்கும் கீழே. சிலிக்கான் மேல் சுற்றுகளை அச்சிடும் இன்றைய லித்தோகிராஃபி இயந்திரம் ஒரே பதிவில் அச்சிடக்கூடிய பரப்பு 26க்கு 33 மில்லிமீட்டர், அதாவது 858 சதுர மில்லிமீட்டர். ஏ100 ஏற்கெனவே அந்த விளிம்பில் இருந்தது. இனிப் பரப்பைக் கூட்டி எண்ணிக்கையை ஏற்ற வழியில்லை. அடுத்த தலைமுறையான ஹை-என்ஏ இயந்திரங்களில் கோடுகள் இன்னும் நுணுக்கமாகும், ஆனால் ஒரே பதிவின் பரப்பு பாதியாகிறது: 26க்கு 16.5 மில்லிமீட்டர். ஒரு துண்டை அந்தச் சட்டத்துக்குள்ளேயே முடிக்க வேண்டுமானால், அடுத்த முழு இரட்டிப்பு நெருக்கமும் 429 சதுர மில்லிமீட்டருக்குச் சுருங்கியதை ஈடுகட்டுவதிலேயே போய்விடும்.