நம்பரைப் படத்தில் போட்டாலும் விதிமீறல்தான்

"ஈபேயில் போன் நம்பரை விவரத்தில் எழுதினால்தான் லிஸ்டிங்கைத் தூக்குவார்கள். போட்டோவுக்குள் போட்டால், இல்லை 'ஒன்பது எட்டு' என்று எழுத்தில் எழுதினால் ஒன்றும் ஆகாது."

இது தவறு. போன் நம்பர், மின்னஞ்சல், சமூக ஊடகக் கணக்கு எதையும் காட்டக் கூடாது என்ற ஈபே விதி படங்களுக்கும் பயனர் பெயருக்கும்கூடப் பொருந்தும். படத்தின் மேல் எழுத்து சேர்ப்பதற்கே தனியாகத் தடை இருக்கிறது. ஆக, நம்பரைப் படத்தில் ஒளிப்பவர் ஒரு விதிக்குப் பதில் இரண்டை மீறுகிறார். எழுத்தில் எழுதினாலும் நம்பர் நம்பர்தான். பார்க்கிற யாரும் புகார் செய்யலாம்.

லிஸ்டிங் போவதோடு முடிவதில்லை என்பதுதான் என் கவலை. ஈபேக்கு வெளியே விற்க அழைத்ததாகக் கருதினால், பொருள் விற்காவிட்டாலும் இறுதி விற்பனைக் கட்டணத்தை வசூலிக்க ஈபேக்கு உரிமை உண்டு. கணக்கும் முடங்கலாம்.

ஒரு பழைய கேமரா விற்பதாக வைத்துக்கொள்வோம். "மேலும் படங்களுக்கு வாட்ஸ்அப் செய்யவும், என் கடை இணைப்பு இதோ" என்ற வரி ஆபத்து. அந்தக் கூடுதல் படங்களை லிஸ்டிங்கிலேயே ஏற்றுங்கள். லென்ஸில் கீறல் உண்டா, பேட்டரி எப்படி என்று விவரத்தில் எழுதுங்கள். கடை இணைப்பை எடுத்துவிடுங்கள். "சந்தேகம் இருந்தால் ஈபே மெசேஜில் கேளுங்கள்" போதும். அப்புறம், அந்த மெசேஜிலும் நம்பர் தராதீர்கள். விற்ற பிறகு, அனுப்பத் தேவையான முகவரி ஆர்டர் விவரத்திலேயே வந்துவிடும்.