எனக்கு மாதச் சம்பளம் 14,000 ரூபாய்

போன மாதம் குடியாத்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியம்மா முறை உறவு ஒருவர், "உங்களுக்கு என்னம்மா, புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து லாட்ஜ் பார்க்கறீங்க, சம்பளம்னு ஒரு ரூபா வெளியே போகாது" என்றார். பதினேழு வருடமாக இதைப் பல பேர் வாயால் கேட்டுவிட்டேன். முதல் பத்து வருடம் நானும் அதை நம்பினேன். எங்கள் வீட்டில் நடந்த பெரிய சண்டைகளில் பாதி இந்த ஒரு நம்பிக்கையால் வந்தவை.

வேலூரில் சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள தெருக்களைத் தெரிந்தவர்களுக்கு எங்கள் தொழில் தெரியும். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் காட்பாடியில் இறங்கி, பெட்டியும் ஸ்கேன் கவருமாக ஆட்டோவில் வருவார்கள். ஒரு நாள் இருந்துவிட்டுப் போகிறவர்கள் குறைவு. பத்து நாள், ஒரு மாதம் என்று தங்குவார்கள், அறையிலேயே சமைப்பார்கள். எங்களுடையது 14 அறை. கட்டடம் குத்தகை. மூன்றாவது மாடியில் நாங்கள் குடியிருக்கிறோம், அதனால் தொழில் எங்கே முடிந்து வீடு எங்கே ஆரம்பிக்கிறது என்று படிக்கட்டுக்குக்கூடத் தெரியாது.

சில வருடத்துக்கு முன் அடுத்த தெருவில் இதே அளவில் இன்னொரு கட்டடம் குத்தகைக்கு வந்தது. அட்வான்ஸ் 6 லட்சம். எடுத்தே தீரவேண்டும் என்றார் என் வீட்டுக்காரர். எனக்குப் பயம், ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. "வேண்டாம்னா வேண்டாம்" என்றேன். "நான் எதைத் தொட்டாலும் நீ தடுப்பே, உனக்கு என்மேல நம்பிக்கையே கிடையாது" என்றார். அங்கிருந்து பேச்சு எங்கள் அம்மா வீட்டுக்குப் போய், அவர் தங்கை கல்யாணத்துக்குப் போய், நாலு நாள் சோறு மட்டும் பேசாமல் பரிமாறப்பட்டது. கட்டடத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பஞ்சாயத்துக்கு வந்தவர் என் சித்தப்பா. ராணிப்பேட்டையில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் இருவரின் மனசைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. நோட்டைக் கொண்டுவரச் சொன்னார்.

சராசரியாக 10 அறை நிரம்பும், அறைக்கு நாள் வாடகை 450. மாதம் 1,35,000 ரூபாய் வரவு. செலவில் கட்டட வாடகை 40,000, கரண்ட் 18,000, தண்ணீர் லாரி 5,000, ரூம் பையன் 13,000, கூட்டித் துடைக்கும் அக்கா 9,000, சலவையும் ரிப்பேரும் 8,000. மொத்தம் 93,000. மீதி 42,000. "இதானே சித்தப்பா லாபம், இன்னொரு பில்டிங்னா இன்னொரு 42,000" என்றார் என் வீட்டுக்காரர்.

"சரி, நீ ரிசப்ஷன்ல உட்காராம ஒருத்தனை வச்சா என்ன தருவே?" என்று கேட்டார் சித்தப்பா. 15,000 இல்லாமல் ஆள் வராது. "இவ பார்க்கற வேலைக்கு?" படுக்கை விரிப்புக் கணக்கு, சலவை, ஸ்டவ் பாத்திரம் வாடகைக்கு விடுவது, சாமான் வாங்குவது, பணம் எண்ணி பேங்கில் போடுவது. என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு 14,000 என்றார். (பதினாறு சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.) ஆக 42,000-இல் 29,000 எங்கள் இருவரின் கூலி. தொழில் சம்பாதிப்பது 13,000 மட்டும்.

இரண்டாவது கட்டடத்தில் நாங்கள் உட்கார முடியாது, ஆள் வைத்துத்தான் ஆகவேண்டும். அங்கேயும் இதே 10 அறை நிரம்பினாலும் மிஞ்சுவது 13,000. 6 லட்சம் ஒன்றரை வட்டிக்கு வாங்கினால் மாதம் 9,000 வட்டி. கையில் 4,000. பத்து அறைக்குப் பதில் ஒன்பது நிரம்பினால் வரவில் 13,500 குறையும், அப்போது கைக்காசு போடவேண்டும். நாலு நாள் சண்டை பத்து நிமிடத்தில் முடிந்தது. அவருக்கு என்மேல் கோபம் இல்லை, எனக்கும் அவர்மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. சம்பளம் போடாத உழைப்பை லாபம் என்று படித்துவிட்டோம், அவ்வளவுதான்.

அந்த மாதத்திலிருந்து இரண்டு பேருக்கும் சம்பளம். அவருக்கும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். மனைவிக்குச் சம்பளம் போடு என்று எல்லாரும் சொல்வார்கள், கணவனுக்கும் போட்டால்தான் கல்லா தப்பிக்கும். அதற்கு முன் அவர் பெட்ரோல், பையன் டியூஷன், எங்கள் வீட்டுப் பால் பாக்கி எல்லாம் கல்லாவிலிருந்துதான். எவ்வளவு எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. நான் கேட்டால் சந்தேகப்படுகிறேன் என்று ஆகிவிடும். இப்போது கல்லாவிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு நூறும் அவர் சம்பளத்தில் முன்பணம் என்று நோட்டில் ஏறுகிறது. எனக்குக் கேட்கிற வேலையே இல்லை.

வரி விஷயத்தில் ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் பலர் வரி மிச்சம் என்று நினைத்து மனைவி பேரில் சம்பளம் எழுதுகிறார்கள். எங்கள் தொழில் அவர் பேரில், தனி உரிமையாளர் முறையில் இருக்கிறது. அப்படிப்பட்ட தொழிலிலிருந்து மனைவிக்குச் சம்பளம் கொடுத்தால், அந்த வேலைக்கான தொழில்முறைப் படிப்போ தொழில்நுட்பத் தகுதியோ அவளுக்கு இருந்து, அதனால்தான் அந்தச் சம்பளம் வருகிறது என்று ஆனாலொழிய, அந்தத் தொகையைக் கணவரின் வருமானத்தோடுதான் சேர்ப்பார்கள். நான் படித்தது பி.ஏ. வரலாறு. விரிப்பு எண்ண அது தகுதியாகாது. கூட்டு நிறுவனமாக மாற்றலாமா என்று ஆடிட்டரைக் கேட்டோம். கூட்டு நிறுவனத்தில் பங்குதாரர் ஊதியம் போக மிஞ்சும் லாபத்துக்கு முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீத வரி. தனி ஆளாக எங்கள் அளவு வருமானத்துக்கு வரியே வருவதில்லை. "இருக்கற மாதிரியே இருங்க, சம்பளத்தை மட்டும் மாசம் தவறாம அவங்க அக்கவுண்டுக்குப் போடுங்க" என்றார். ஆக இந்தச் சம்பளத்தால் அரசாங்கக் கணக்கில் எங்களுக்குப் பைசா லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

ஆனால் பேர் அவருடையது மட்டும் என்பதில் ஓர் ஓட்டை இருக்கிறது. அவருக்கு ஏதாவது ஆனால் நான் அந்தக் கட்டடத்தில் வெறும் குடித்தனக்காரி. அதனால் குத்தகைப் பத்திரத்தைப் புதுப்பித்தபோது இரண்டு பேர் கையெழுத்தும் போட்டோம், பேங்க் கரண்ட் அக்கவுண்டுக்கு என்னை நாமினி ஆக்கினார். இதைக் கேட்க எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. அபசகுனம் பேசுகிறாள் என்று நினைப்பாரோ என்ற தயக்கம்.

இதைவிடக் கஷ்டமான விஷயம் என் நகை. ஒரு கோடையில் போர் வற்றி, ஆழப்படுத்தி மோட்டார் மாற்ற என் ஐந்து சவரன் செயினை பேங்கில் அடகு வைத்தோம். இரண்டு வருடம் கழித்து என் சீட்டுப் பணத்தில் மீட்டேன். தொழில் கணக்கில் அது எங்குமே இல்லை. வருடத்துக்கு ஒரு தடவை சண்டையில் மட்டும் அந்தச் செயின் வெளியே வரும். சம்பள நோட்டு போட்டபோது கடைசிப் பக்கத்தில் "வீட்டிலிருந்து தொழில் வாங்கிய கடன்" என்று ஒரு தலைப்பு எழுதி, மீட்கக் கட்டிய அசலையும் வட்டியையும் ஏற்றினோம். மாதம் 2,000 வீதம் தொழில் எனக்குத் திருப்பித் தந்தது. கடன் தீர்ந்த பிறகு அந்தச் செயின் சண்டையில் வந்ததே இல்லை.

சண்டை வராத வீடு என்று நினைத்துவிடாதீர்கள். ஜார்க்கண்டிலிருந்து ஒரு அம்மா, கணவருக்குக் கதிர்வீச்சு சிகிச்சை, 28 நாள் தங்கவேண்டும். வாடகை குறைக்க முடியாது என்று இவர் கீழே சொல்லிவிட்டார். அந்த அம்மா மாடிக்கு வந்து என் கையைப் பிடித்தாள். நான் 300 ரூபாய் போதும் என்றேன். 4,200 ரூபாய் போனது பெரிதில்லை. அடுத்த வாரமே மூன்று அறைக்காரர்கள் நேராக மாடிக்கு வந்தார்கள். ரூம் பையனும் லீவு கேட்க அவரிடம் போவதை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தான். ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கிற மனுஷன் சொல்லுக்கு மதிப்பில்லாமல் போனது. அவர் ராத்திரி பேசாமல் படுத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம் என்று எனக்குப் புரிய நாளாயிற்று.

இப்போது வாடகை அவர் பேச்சு. விரிப்பு, சாமான், கூட்டுகிற அக்கா என் பேச்சு. அவர் சொன்னதை நானோ நான் சொன்னதை அவரோ வந்தவர் முன்னால் மாற்றக்கூடாது. 10,000 ரூபாய்க்கு மேல் எந்தச் செலவும் இரண்டு பேரும் ஒப்பினால்தான். கஷ்டப்படுகிறவர்களுக்குத் தள்ளுபடி கொடுக்க மாதம் 3,000 என் கையில், அதற்கு நான் யாரிடமும் காரணம் சொல்லவேண்டாம். தீர்ந்துவிட்டால் அந்த மாதம் அவ்வளவுதான். சில மாதம் 20-ஆம் தேதி ஒரு முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்லவேண்டி வருகிறது, அது எனக்கு இன்னும் பழகவில்லை.

இருவருக்கும் பொது என்று எந்த வேலையையும் விடவும் கூடாது. வங்கதேசத்துக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் அவர் விவரத்தை அரசுக்கு ஏற்றவேண்டும். ஒரு தடவை அவர் நான் போட்டிருப்பேன் என்றும் நான் அவர் போட்டிருப்பார் என்றும் இருந்து, விசாரணைக்குப் போய் நிற்கவேண்டி வந்தது. இப்போது அது அவர் வேலை. நான் நினைவுகூடப் படுத்துவதில்லை.

கணக்குப் பேச்சு ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு, ரிசப்ஷன் மேசையில். திங்கட்கிழமை ஓ.பி.க்கு வருகிறவர்கள் சாயங்காலம்தான் வர ஆரம்பிப்பார்கள், அதுவரை தெரு அமைதியாக இருக்கும். மற்ற நாளில் ஏதாவது தோன்றினால் நோட்டில் எழுதி வைத்துவிட்டு மாடி ஏறவேண்டும். பாதி விஷயம் ஞாயிறு வருவதற்குள் ஆறிப்போகிறது. ஆறாத பாதியில்தான் உண்மையான பிரச்சினை இருக்கும்.

வரவு குறைந்த மாதங்களில் முதலில் ரூம் பையன், அப்புறம் அக்கா, கடைசியில்தான் நாங்கள். அப்போதும் சம்பளம் இல்லை என்று எழுதுவதில்லை, பாக்கி என்று எழுதுகிறோம். இன்றைக்கு எனக்கு 28,000, அவருக்கு 15,000 பாக்கி. போன ஞாயிறு எல்லா அறைக்கும் டி.வி. மாற்றலாம் என்று ஆரம்பித்தார். நான் நோட்டைத் திருப்பி அந்தப் பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சரி, முதல்ல உன் பாக்கி" என்று எழுதிவிட்டு டீ சொல்லப் போனார்.