வருந்தினால் போதுமா, கதவை யார் சரிசெய்வது?

“தங்கள் மேலான கருத்துக்கு மனமார்ந்த நன்றி. தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம். விருந்தினரின் மனநிறைவே எங்கள் முதல் நோக்கம். தங்கள் கருத்தை உரிய பிரிவினரின் கவனத்துக்குக் கொண்டுசென்றுள்ளோம். மீண்டும் தங்களை வரவேற்கக் காத்திருக்கிறோம்.”

ஒரு ஹோட்டலில் ஓர் இரவு தங்கியதைப் பற்றி இணையத்தில் நான் இருபது வரி விமர்சனம் எழுதினேன். அதற்கு ஹோட்டல் உரிமையாளர் கொடுத்த பதில் இந்த ஐந்து வாக்கியங்கள். இவற்றில் சத்தம் என்ற சொல் இல்லை. தாமதம் என்ற சொல் இல்லை. நான் என்ன குறை சொன்னேன் என்று இதைப் படிப்பவர் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பக்கத்தைக் கீழே தள்ளிப் பார்த்தேன். குழாயில் வெந்நீர் வரவில்லை என்று எழுதியவருக்கும் இதே ஐந்து வாக்கியங்கள். இரண்டு முறை பணம் பிடித்துவிட்டார்கள் என்று எழுதியவருக்கும் இதே ஐந்து வாக்கியங்கள். எனக்கு வயிறு எரிந்தது.

நான் பொத்தாம்பொதுவாகத் திட்டிவிட்டு வரவில்லை. ஒன்பது ஆண்டுகள் ஹோட்டல் வரவேற்பு மேசையில் நின்று வேலை பார்த்தவன் நான். எதைச் சொன்னால் அவர்களால் சரிசெய்ய முடியுமோ அதைத்தான் எழுதினேன். பிற்பகல் 2.10க்கு மேசை முன்னால் நின்றேன். சாவி கைக்கு வந்தது 2.55க்கு. முன்பதிவின்போதே கொடுத்திருந்த பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் மறுபடி ஒரு படிவத்தில் எழுதச் சொன்னார்கள். இரவு 11 மணி முதல் 1 மணி வரை, நடைவழியில் யார் அறைக்குத் திரும்பினாலும் கதவு படாரென்று அறைந்தது. ஆள் கையால் அறையவில்லை, கதவு தானாகவே அறைகிறது என்பதையும் சேர்த்தே எழுதினேன். இதற்கு மேல் ஒரு விருந்தினர் என்ன விவரம் கொடுக்க வேண்டும்?

அந்தக் கதவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கோபமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. ஹோட்டல் அறைக் கதவுகள் பெரும்பாலும் தீத்தடுப்புக் கதவுகள். தீப்பிடித்தால் புகை பரவாமல் இருக்க அவை தாமாக மூடிக்கொண்டாக வேண்டும். அதற்காகத்தான் கதவின் மேல்பகுதியில் டோர் குளோசர் என்ற கருவியைப் பொருத்துகிறார்கள். அதைக் கழற்றிவிட முடியாது, கழற்றவும் கூடாது. ஆனால் அதன் பக்கவாட்டில் சிறிய திருகுகள் இருக்கும். ஒன்று கதவு வீசி வரும் வேகத்தைக் கட்டுப்படுத்தும். இன்னொன்று கடைசி ஒரு சாண் தூரத்தில், தாழ் போய் விழும் நேரத்து வேகத்தைக் கட்டுப்படுத்தும். அறைச்சல் பெரும்பாலும் அந்தக் கடைசி ஒரு சாணில்தான் பிறக்கிறது. கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகிவிட்டு, கதவை விட்டுப் பார்த்து, மறுபடி கொஞ்சம் திருகினால் தீர்ந்தது. ஒரு கதவுக்கு ஐந்து நிமிடம் போதும். திருகியும் அறைந்தால், குளோசருக்குள் இருக்கும் எண்ணெய் கசிந்துவிட்டது என்று பொருள். கருவியின் மேல் எண்ணெய்க் கறை தெரியும். அப்போது அதை மாற்றத்தான் வேண்டும். ஒரு திருப்புளியோடு ஒரு காலைப்பொழுது நடந்தால் ஒரு தளம் முழுவதும் அமைதியாகிவிடும். அதைச் செய்வதற்குப் பதிலாக “விருந்தினரின் மனநிறைவே எங்கள் முதல் நோக்கம்” என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள்!

எங்கள் ஹோட்டல் அமைதியான இடத்தில்தான் இருக்கிறது என்று சில உரிமையாளர்கள் வாதம் செய்வார்கள். அது பதிலே அல்ல. உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட இரைச்சல் வழிகாட்டுதலில் படுக்கையறைக்கு இரண்டு அளவுகள் தனித்தனியாக உண்டு. தொடர்ந்து கேட்கும் ஒலிக்கு 30 டெசிபல். திடீரென்று எழும் ஒற்றை ஒலிக்கு 45 டெசிபல். இரவு முழுவதும் அறை அமைதியாக இருந்தாலும், ஒரே ஒரு அறைச்சல் தூக்கத்தைக் கெடுத்துவிடும். அன்று இரவு நான் பத்துக்கும் மேற்பட்ட முறை விழித்தேன்.

தாமதத்துக்கு வருகிறேன். மேசையில் நின்ற அந்தப் பெண்ணின் மேல் எனக்கு ஒரு துளியும் கோபம் இல்லை. அவள் நிலையில் நான் நின்றிருக்கிறேன். விருந்தினர் எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்துத்தான் கத்துகிறார்கள், ஆனால் முடிச்சு விழுவது மேல்தளங்களில். 12 மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும், 2 மணிக்குப் புது ஆள் வரலாம் என்று ஒரு ஹோட்டல் அறிவிக்கிறது என்று வையுங்கள். காலி செய்த ஓர் அறையை ஒழுங்காகச் சுத்தம் செய்ய ஒருவருக்குச் சுமார் அரை மணி நேரம் ஆகும். ஒரே நாளில் 30 அறைகள் கடைசி நேரத்தில் காலியாகி, துப்புரவுக்கு நான்கு பேர்தான் இருந்தால், ஆளுக்கு ஏழெட்டு அறைகள். எல்லாம் முடிய நாலு மணி ஆகிவிடும். இந்தக் கணக்கு போட உரிமையாளருக்குத் தெரியாதா? தெரிந்தும் இரண்டு மணிக்கு வாருங்கள் என்று எழுதிவைப்பது நியாயமா?

இன்னொரு ஓட்டையும் உண்டு. அறை சுத்தமான பிறகும், மேற்பார்வையாளர் போய்ப் பார்த்துக் கணினியில் ‘தயார்’ என்று மாற்றும்வரை வரவேற்பு மேசையால் சாவி கொடுக்க முடியாது. அவர் ஒரு தளம் முழுவதும் முடியட்டும் என்று காத்திருந்தால், பளிச்சென்று இருக்கும் அறை கணினியில் அழுக்காகவே கிடக்கும். அன்று அந்தப் பெண் மூன்று முறை தொலைபேசியில் மேலே கேட்டாள். என் அறை அப்படித்தான் மாட்டிக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன். ஒவ்வோர் அறை முடிந்ததும் உடனே பார்த்து மாற்றச் சொன்னாலே பாதி வரிசை கரைந்துவிடும். விவரங்களை முன்கூட்டியே படிவத்தில் அச்சிட்டுவைத்து, கையெழுத்து மட்டும் வாங்கினால் மீதியும் குறையும்.

இத்தனையையும் தெரிந்துகொண்டு ஓர் உரிமையாளர் எப்படி எழுதியிருக்கலாம்? நானே எழுதிக் காட்டுகிறேன்.

“நீங்கள் 45 நிமிடம் காத்திருந்தது உண்மை. அன்று சுத்தம் செய்ய வேண்டிய அறைகள் அதிகம், ஆட்கள் குறைவு. அதை உங்களிடம் நேரிலேயே சொல்லாதது எங்கள் தவறு. அறைகளைச் சரிபார்க்கும் முறையை மாற்றியிருக்கிறோம். நீங்கள் சொன்ன தளத்தில் எல்லாக் கதவுகளையும் சோதித்தோம். ஆறு கதவுகளில் வேகத்தைக் குறைத்தோம், இரண்டில் கருவியை மாற்றினோம். மின்தூக்கியின் சத்தத்தை எங்களால் முழுவதும் நிறுத்த முடியாது. அமைதி வேண்டுபவர்கள் முன்பதிவின்போதே சொன்னால் அதிலிருந்து தள்ளி அறை ஒதுக்குகிறோம்.”

இதில் மரியாதைக்கு என்ன குறைவு? என் அறை எண்ணையோ தங்கிய தேதியையோ ஊரறியச் சொல்லவில்லை. விமர்சனத்தை மாற்றினால் சலுகை தருகிறேன் என்ற பேரமும் இல்லை. முடியாததை முடியாது என்று சொல்லியிருக்கிறது. அடுத்து அறை தேடுபவர் படிப்பதற்காகத்தானே இந்தப் பதிலைப் பொதுவில் எழுதுகிறார்கள்? அவருக்கு வேண்டிய விவரம் இதில் இருக்கிறது. அந்த ஐந்து வாக்கியங்களில் அவருக்கு என்ன இருக்கிறது?

போன வாரம் அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தேன். நான் தங்கிய அதே தளத்தில் தங்கிய வேறொருவர் எழுதியிருக்கிறார்: கைக்குழந்தையோடு வந்தாராம், கதவு அறைகிற சத்தத்தில் குழந்தை இரவெல்லாம் அழுததாம். கீழே உரிமையாளரின் பதில் வந்திருந்தது. தங்கள் மேலான கருத்துக்கு மனமார்ந்த நன்றி என்று தொடங்குகிறது.