ரெஃபரன்ஸ் கேட்டு மெயில் அனுப்பும் எச்ஆர் நண்பர்களுக்கு

ரெஃபரன்ஸ் கேட்டு வரும் மெயில்கள் பெரும்பாலும் "இவரைப் பற்றி உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்" என்பதோடு முடிந்துவிடுகின்றன. பதிலும் அதே அளவில்தான் வரும்: "நல்ல பொண்ணு, நல்லா உழைப்பாங்க." இதை வைத்து ஒருவரை வேலைக்கு எடுக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. குறை பதில் சொன்னவரிடம் இல்லை, கேள்வியில்தான் இருக்கிறது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனி, அக்கவுண்ட்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைசிச் சுற்றில் நிற்கும் பெண் தன் பழைய மேலாளரின் பெயரைக் கொடுத்திருக்கிறார். மெயில் போகும் முன் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்: "இவரை இந்த வாரம் தொடர்புகொள்ளலாமா?" இப்போது வேலை பார்க்கும் இடத்துக்கு, அவர் சம்மதிக்காமல், எந்தக் காரணம் கொண்டும் மெயில் போகக் கூடாது. வேறு வேலை தேடுகிறார் என்பது அங்கே தெரிந்தால், நீங்கள் எடுக்காவிட்டாலும் இருக்கிற வேலைக்கு ஆபத்து. சப்ஜெக்ட் வரியிலும் அவர் பெயர் வேண்டாம். பல அலுவலகங்களில் ஒரே மெயில்பெட்டியை நான்கு பேர் திறப்பார்கள்.

கேள்விகளை அந்த வேலையிலிருந்தே எடுங்கள். மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் கம்பெனிக்கு ஜிஎஸ்டிஆர்-1 அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள், ஜிஎஸ்டிஆர்-3பி 20ஆம் தேதிக்குள் போயாக வேண்டும். அதனால் "நேரம் தவறாதவரா?" என்று கேட்பதை விட இப்படிக் கேட்கலாம்:

"ஜிஎஸ்டி தாக்கலுக்கான விவரங்களை இவர் தயார் செய்ததுண்டா? கெடு நெருங்கும்போது பில் விடுபட்டிருந்தாலோ தொகை ஒத்துவராமல் போனாலோ என்ன செய்வார்? நீங்கள் நேரில் பார்த்த ஒரு சம்பவத்தைச் சொல்ல முடியுமா? பார்க்கவில்லை என்றால் 'பார்த்ததில்லை' என்று எழுதினால் போதும்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், பார்க்காததையும் யூகித்து நிரப்பிக் கொடுப்பார்கள். அந்த யூகம் உங்கள் ஃபைலில் உண்மையாக உட்கார்ந்துவிடும்.

இதோடு எந்த மாதத்திலிருந்து எதுவரை, என்ன பொறுப்பில், நேரடியாக உங்கள் கீழா என்ற கேள்வி முதலில் வரட்டும். ஆறு மாதம் தூரத்திலிருந்து பார்த்தவர் சொல்வதும் மூன்று வருடம் பக்கத்தில் இருந்தவர் சொல்வதும் ஒரே எடை இல்லை. "மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா?" என்றால் காரணத்தையும் சேர்த்துக் கேளுங்கள். போனவர்களைத் திரும்ப எடுப்பதில்லை என்று விதி வைத்திருக்கும் கம்பெனிகள் உண்டு. அங்கிருந்து வரும் "இல்லை" அந்தப் பெண்ணைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மொத்தம் ஐந்தாறு கேள்வி போதும். கடைசிச் சுற்றில் மூன்று பேர் இருந்தால் மூவருடைய ரெஃபரன்ஸுக்கும் அதே கேள்விகள், அதே வரிசை.

கல்யாணம், குழந்தை, உடம்பு, சொந்த ஊர் இவை எதுவும் மெயிலில் வரக் கூடாது. "எந்த ஊர்க்காரங்க?" என்பது நம் பக்கம் எதைத் தெரிந்துகொள்ளக் கேட்கப்படுகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

ரகசியம் காப்பதாகச் சொல்லும் பத்தியில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். "நீங்கள் சொல்வது யாருக்குமே தெரியாது" என்பது காப்பாற்ற முடியாத வாக்கு. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றி வைத்திருக்கும் தரவின் சுருக்கத்தைக் கேட்கும் உரிமையை ஒருவருக்குத் தருகிறது. அது படிப்படியாக அமலுக்கு வருகிறது. கோர்ட் கேட்டாலும் கொடுத்தாக வேண்டும். அதனால் எது முடியுமோ அதை மட்டும் எழுதுங்கள்:

"உங்கள் பதிலை நானும் இந்தப் பணிக்கான மேலாளரும் மட்டும் படிப்போம். உங்கள் பெயரோடு வேட்பாளரிடம் பகிர மாட்டோம். சட்டப்படி கேட்கப்பட்டால் மட்டும் விதிவிலக்கு. தேர்வு முடிந்து ஆறு மாதத்தில் அழித்துவிடுவோம். அவரிடம் எடுத்துச் சொல்லக் கூடாத பகுதி இருந்தால் குறிப்பிடுங்கள்."

ஆறு மாதம் என்பது உதாரணம்தான். உங்கள் கம்பெனியில் உண்மையில் எப்போது அழிக்கிறார்களோ அதை எழுதுங்கள்.

பெயரை மறைத்தால் மட்டும் ரகசியம் நிற்காது. கொடுத்ததே ஒரே ஒரு மேலாளரின் பெயர் என்றால், "மாதக் கடைசி வேலையில் தாமதம் என்று கேள்விப்பட்டோம்" என்று நீங்கள் சொன்ன நொடியே யார் சொன்னது என்று அவருக்குப் புரிந்துவிடும். அதே சமயம், அந்த ஒரு குறையை வைத்து, விளக்கம் கேட்காமல் நிராகரிப்பதும் அநியாயம். எல்லா வேட்பாளர்களிடமும் கேட்கும் கேள்வியாக அதை மாற்றிவிடுங்கள்: "கெடு தவறிய ஒரு மாதத்தைப் பற்றிச் சொல்லுங்கள், ஏன் தவறியது?" பில் தர வேண்டிய பர்ச்சேஸ் பிரிவு 18ஆம் தேதிதான் தந்தது என்ற விவரம் அப்போதுதான் வெளியே வரும்.

சிலர் எழுத்தில் தர மாட்டார்கள், போனில் பேசலாம் என்பார்கள். பேசுங்கள், அதே கேள்விகளோடு. குறிப்பெடுத்ததை அவருக்கே அனுப்பி "சரியா சார்?" என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஐந்து வேலை நாளில் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையா, வேறு ஒருவர் பெயரைக் கேளுங்கள். பல கம்பெனிகள் ரெஃபரன்ஸ் தருவதையே தடை செய்திருக்கின்றன. பதில் வராததை அந்தப் பெண்ணின் கணக்கில் எழுதாதீர்கள்.