வாங்க பாருங்க, வாங்கப் பாருங்க

ஆடி நெருங்கிவிட்டால் எங்கள் அச்சகத்தில் ஜவுளிக்கடை நோட்டீஸ்களுக்குப் பஞ்சமே இருக்காது. கிருஷ்ணகிரியில் டிடிபி, பிழைதிருத்தம் என்று உட்கார்ந்து பல வருஷம் ஆகிறது. விளம்பரத் தமிழைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. ஊரில் ஒரு ஃபிளெக்ஸில் பிழை இருந்தால் படம் பிடித்துப் போட்டுச் சிரிக்கிறோம். சிரிப்பது சுலபம். அதைத் திருத்தித் தரச் சொன்னால்தான் சங்கதி தெரியும்.

ஒரு நோட்டீஸையே எடுத்துக்கொள்கிறேன். பர்கூர் பக்கம் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் கைப்பட எழுதிக் கொண்டுவந்தது.

வாங்க பாருங்க அள்ளிட்டு போங்க!!!!
ஆடி 18க்கு அறிய வாய்ப்பு
பட்டு சேலை, பாவாடை தாவணி, வேட்டி சட்டை, கறை வேட்டி
கை குட்டை 3 எடுத்தால் 1 ஃப்ரீ
எல்லா பிராண்டும் நம்ம கடையில

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே மாதிரி ஒன்று கைக்கு வந்தது. ‘வாருங்கள், பாருங்கள், அள்ளிச் செல்லுங்கள்’ என்று மாற்றிக் கொடுத்தேன். இலக்கணம் சுத்தம். வாங்கிப் பார்த்த கடைக்காரர், “ஏம்பா, கலெக்டர் ஆபீஸ்ல இருந்து வந்த மாதிரி இருக்கே” என்றார். அவர் சொன்னது சரி. ‘வாங்க’ என்பது பிழை இல்லை. வாசலில் நின்று கூப்பிடுகிற ஆளின் குரல் அது. அதைத் திருத்த எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

ஆனால் பேச்சுத்தமிழ் என்றால் ஒற்றே வேண்டாம் என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அதுவும் இல்லை. ‘அள்ளிட்டு போங்க’ என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். யாரும் ‘போங்க’வைத் தனியாக மெல்லச் சொல்வதில்லை. ‘அள்ளிட்டுப் போங்க’ என்று ப் தானாக அழுந்தி வரும். எழுத்தில் அந்தப் ப் விடுபட்டதால்தான் அது பிழை. அதைச் சேர்த்தால் பேச்சுத்தமிழ் கெடாது, இன்னும் பேச்சாகத்தான் ஆகும்.

இப்போது முதல் இரண்டு சொல்லுக்கு வாருங்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது. எங்கள் கடையில் புதிதாகச் சேர்ந்த தம்பி, ‘பார்க்க’, ‘எடுக்க’ போன்ற வினையெச்சத்துக்குப் பின் வல்லினம் மிகும் என்று படித்த ஞாபகத்தில், ‘வாங்கப் பாருங்க’ என்று அடித்து வைத்திருந்தான். விதி சரி, இடம் தப்பு. ‘வாங்கப் போனான்’ என்பதில் உள்ள ‘வாங்க’ எச்சம், அதற்கு ஒற்று மிகும். கடைக்காரர் எழுதிய ‘வாங்க’ கூப்பிடுகிற வினைமுற்று, ‘வா போகலாம்’ என்பதைப் போல. அதற்கு மிகாது. தம்பி போட்ட ஒரு ப் வந்ததும், வரவேற்பு போய் ‘முடிஞ்சா வாங்கிப் பாருங்க’ என்று சவால் விடுகிற மாதிரி ஆகிவிட்டது! இங்கே தேவைப்பட்டது ஒற்று இல்லை, ஒரு காற்புள்ளி. ‘வாங்க, பாருங்க, அள்ளிட்டுப் போங்க!’ மூச்சு நிற்கிற இடத்தில் புள்ளி வைத்ததும் குழப்பம் தீர்ந்தது.

அதே தம்பி ‘பாவாடைத் தாவணி’, ‘வேட்டிச் சட்டை’ என்றும் திருத்தியிருந்தான். பாவாடையும் தாவணியும், வேட்டியும் சட்டையும் என்று இரண்டு பொருளைச் சேர்த்துச் சொல்லும்போது, அதாவது உம்மைத்தொகையில், ஒற்று மிகாது. பட்டு சேலைக்கு மட்டும் ச் வேண்டும், ஏனென்றால் அது பட்டால் ஆன சேலை, ஒரே பொருள். நடுவில் ‘உம்’ போட்டுப் பாருங்கள், பொருள் சரியாக வந்தால் ஒற்றை விட்டுவிடலாம். பட்டும் சேலையும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள் இல்லையா.

கை குட்டைக்கு விளக்கமே தேவையில்லை. கை நீளமா குட்டையா என்று சட்டைப் பிரிவில் கேட்கிற கேள்வி அது. ‘கைக்குட்டை’ என்று சேர்த்து எழுதினால்தான் மூக்கு துடைக்கிற துணி.

இதுவரை சொன்னதை எல்லாம் காது கண்டுபிடித்துவிடும். ஆடி நோட்டீஸ் முக்கால்வாசி ஆட்டோ மைக்கிலும் போகும் என்பதால், கடைசி மெய்ப்பை மைக் அண்ணா படிக்கிற மாதிரி உரக்கப் படிப்பது என் வழக்கம். நாக்கு எங்கே தடுக்குகிறதோ அங்கே ஒற்றோ காற்புள்ளியோ தப்பி இருக்கும். ஆனால் ர, ற விஷயத்தில் காதை நம்பினால் மோசம் போவோம். நம் வாயில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டது. ‘அறிய வாய்ப்பு’ என்றால் எதையோ தெரிந்துகொள்ளும் வாய்ப்பு. அவர் சொல்ல வந்தது கிடைப்பதற்கு அரிய வாய்ப்பு. ‘கறை வேட்டி’ அதைவிடக் கொடுமை. கறை என்றால் அழுக்குப் பட்ட அடையாளம். புது வேட்டியைக் கறையோடு விற்கிறேன் என்று அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். ஓரத்தில் ஓடுவது கரை, ஆற்றுக்கு இருப்பது போல. இதற்கு அகராதியைத் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை. எவ்வளவு உரக்கப் படித்தாலும் மாட்டாது.

சரி, ‘எல்லா பிராண்டும்’? விதிப்படி ‘எல்லாப் பிராண்டும்’ என்றுதான் வர வேண்டும், ‘எல்லாப் பொருளும்’ போல. நான் போடுவதில்லை. பிராண்டு என்பதன் முதல் எழுத்தை நாம் அழுத்தாமல் சொல்கிறோம், பம்பர், பஸ், பீரோ மாதிரி. முன்னால் ப் வந்தால் படிக்கிறவர் அதை அழுத்தியே ஆக வேண்டும், சொல்லே மாறிப்போகும். ‘ஆடித் தள்ளுபடி’க்கு த் போடுவேன், ‘ஆடி பம்பர்’ என்றால் ஒற்றைத் தொட மாட்டேன். தமிழாசிரியர்கள் கோபிக்கலாம், பரவாயில்லை.

ஃபிளெக்ஸில் இன்னொரு சிக்கல் உண்டு. ‘ஆடி’ மேலே சிவப்பில் பெரிதாக, ‘தள்ளுபடி’ கீழே மஞ்சளில் என்று டிசைன் போடுவார்கள். அப்போது ‘ஆடித்’ என்று ஒரு த் மட்டும் அந்தரத்தில் தொங்கினால் அசிங்கமாக இருக்கும். வரியும் நிறமும் அளவும் மாறினால் அதை ஒரு நிறுத்தமாகவே எடுத்துக்கொண்டு ஒற்றை விட்டுவிடுவேன். ஒரே வரியில் ஒரே அளவில் வந்தால் விட மாட்டேன்.

நான் சொல்லை மாற்றியது ஒரே இடத்தில்தான். மேலே ‘வாங்க, பாருங்க’ என்று கூப்பிட்டுவிட்டு, கீழே ‘எடுத்தால்’ என்றால் பாதியில் வேறு ஆள் வந்து பேசுவது போல இருக்கிறது. அதை ‘எடுத்தா’ ஆக்கினேன். பிழைதிருத்துகிறவன் எழுத்துத்தமிழைப் பேச்சாக மாற்றுவதா என்று கேட்கலாம். குரல் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

திருத்திப் பெரியவரிடம் காட்டியது இது:

வாங்க, பாருங்க, அள்ளிட்டுப் போங்க!
ஆடி 18க்கு அரிய வாய்ப்பு
பட்டுச்சேலை, பாவாடை தாவணி, வேட்டி சட்டை, கரை வேட்டி
கைக்குட்டை 3 எடுத்தா 1 ஃப்ரீ
எல்லா பிராண்டும் நம்ம கடையில

பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். கறை வேட்டி கதையைச் சொன்னதும் அவருக்கே சிரிப்பு தாங்கவில்லை. அப்புறம் முகம் மாறியது.

“எல்லாம் சரி தம்பி, நான் நாலு ஆச்சரியக்குறி போட்டிருந்தேனே, மூணு எங்க போச்சு?”

“ஒண்ணு போதும்ங்க ஐயா. நாலு போட்டா திட்டுற மாதிரி இருக்கும்.”

அரை மணி நேரம் பேரம் நடந்தது. நோட்டீஸ் இரண்டோடு அச்சாகியிருக்கிறது.