நார்மல் ரிப்போர்ட் வந்ததும் வரட்டுமாம்

சிகிச்சையில் இருக்கிற என் மகளை அரை நாள் மட்டும் பள்ளிக்கு அனுப்பக் கேட்டிருந்தேன். முடியாது என்று செவ்வாய்க்கிழமை பள்ளியிலிருந்து வந்த பதிலை இங்கே போட்டிருந்தேன், பார்த்திருப்பீர்கள். இரண்டு நாளாக அதற்கு வந்த கமெண்டுகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். பாதிப் பேர் "பாவம்" என்று எழுதியிருக்கிறார்கள், மீதிப் பேர் "ஸ்கூல் பக்கமும் பார்க்கணும் இல்லையா அக்கா" என்கிறார்கள். சரி, பார்ப்போம்.

நான் கேட்டது மூன்று மணி நேரம். காலை ஏழரைக்கு விட்டு, பத்தரைக்கு நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். பதிலில் ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வருகிறது: குழந்தை முழுசாகக் குணமாகட்டும், ரத்த ரிப்போர்ட் நார்மல் ஆனதும் வரட்டும், அதுவரை வீட்டில் ஓய்வெடுக்கட்டும். ரொம்ப அன்பான கடிதம். கடைசியில் பிரார்த்தனை வேறு செய்கிறார்களாம்.

அந்த 'நார்மல்' பற்றித்தான் பேச வேண்டும்.

என் மகளுக்கு ரத்தப் புற்றுநோய். குழந்தைகளுக்கு அதிகமாக வருகிற வகை, பெரும்பாலும் குணமாகிற வகை. ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்த முதல் எட்டு மாதம் முடிந்துவிட்டது. ரிப்போர்ட்டில் நோய் இல்லை. இப்போது நடப்பதற்குப் பெயர் மெயின்டெனன்ஸ். எங்காவது ஒளிந்திருக்கும் ஓரிரண்டு செல்லும் தலை தூக்காமல் இருக்க, சுமார் இரண்டு வருடம் மாத்திரை. தினமும் ராத்திரி ஒன்று, வெள்ளிக்கிழமை ராத்திரி மட்டும் கூட இன்னொன்று, மாதம் ஒரு தடவை ஊசி, அதோடு ஐந்து நாள் ஸ்டீராய்ட். வெள்ளிக்கிழமை ஏன் என்றால், வாந்தி வந்தாலும் சனி, ஞாயிறோடு போகட்டும், பள்ளி கெடக் கூடாது என்று டாக்டரிடம் நான்தான் கேட்டு வாங்கினேன். பள்ளி கெடக் கூடாதாம். சிரிப்பு வருகிறது இப்போது.

இந்த மாத்திரைகள் வேலை செய்கின்றனவா என்று எப்படித் தெரியும்? வெள்ளை அணுக்கள் குறைகின்றனவா என்று பார்த்துத்தான். ரிப்போர்ட்டில் மொத்த வெள்ளை அணுவைப் பார்க்க வேண்டும், அதில் கிருமியோடு சண்டை போடுகிற நியூட்ரோஃபில் எத்தனை சதவீதம் என்று பார்க்க வேண்டும், இரண்டையும் பெருக்க வேண்டும். போன வாரம் அவளுக்கு மொத்தம் 3100, நியூட்ரோஃபில் 38 சதவீதம். பெருக்கினால் 1178. இதைத்தான் ஏ.என்.சி. என்கிறார்கள், எங்கள் வார்டு அம்மாக்கள் 'கவுன்ட்' என்போம். எங்கள் டாக்டர் சொன்ன கணக்கு இது: ஆயிரத்துக்கு மேல் இருந்தால் பள்ளிக்கு அனுப்பலாம், ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் நடுவில் என்றால் போன் செய்து கேட்டுவிட்டு அனுப்ப வேண்டும், ஐந்நூறுக்குக் கீழே போனால் வாசல் தாண்டக் கூடாது, மாத்திரையையும் நிறுத்துவார்கள்.

இப்போது கவனியுங்கள். கவுன்ட் மூவாயிரம், நாலாயிரம் என்று மற்ற குழந்தைகளைப் போல வந்தால் டாக்டர் கை குலுக்க மாட்டார். மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று என்னைக் குடைவார். போகிறது என்றால், தொடர்ந்து அப்படியே இருந்தால், அளவைக் கூட்டுவார். கவுன்ட்டைக் குறைவாக வைத்திருப்பதுதான் வைத்தியமே. பள்ளி கேட்கிற நார்மல் ரிப்போர்ட்டை இந்த இரண்டு வருடத்தில் நான் கொண்டு வந்து கொடுத்தால், அன்றைக்கு என் மகளுக்கு மருந்து பற்றவில்லை என்று அர்த்தம்.

ஆக, "நார்மல் ஆனதும் வரட்டும்" என்றால் ஆறாம் வகுப்புக்கு வரட்டும் என்று பொருள். அதை அப்படியே எழுதிவிட்டுப் பிரார்த்தனை செய்திருக்கலாம்.

"பொறுப்பு" என்கிறார்கள். பள்ளியில் ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு? நியாயமான கேள்விதான், இதை நான் தட்டிக் கழிக்கவில்லை. ஏனென்றால் ஏற்கெனவே ஒரு தடவை ஆகிவிட்டது.

ஜூலை மாதம், நல்ல மழை. அப்போது முழு நாள்தான் போய்க்கொண்டிருந்தாள். மூன்றாவது பீரியடில் உடம்பு கொதிக்கிறது என்று சிக் ரூமுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே இருக்கிற ஆயாவை மௌஷி என்போம். அவர், எல்லாக் குழந்தைக்கும் கொடுப்பது போல அரை பாராசிட்டமால் கொடுத்துப் படுக்க வைத்துவிட்டார். ஜுரம் இறங்கியது, தூங்கிவிட்டாள். யாரும் எனக்குப் போன் செய்யவில்லை. ஒன்றரைக்கு நான் போனபோது தெர்மாமீட்டரில் 99. சோர்வு என்று நினைத்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன், மாத்திரை கொடுத்த விஷயமே தெரியாது. சாயங்காலம் ஆறு மணிக்கு 102. மும்பையில் செம்பூரிலிருந்து பரேல் ஆஸ்பத்திரிக்கு, அந்த மழையில், டாக்சியில் ஒன்றரை மணி நேரம். அன்றைக்கு மொத்தம் 1100, நியூட்ரோஃபில் 30 சதவீதம். 330. ஆறு நாள் அட்மிஷன், நரம்பில் ஆன்டிபயாடிக்.

கவுன்ட் குறைந்த குழந்தைக்கு 100.4 வந்தால் அது சாதா ஜுரம் இல்லை. ரத்தத்தில் கிருமி இறங்கியிருக்கலாம் என்றே எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசலை மிதித்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஊசி போடப் பார்ப்பார்கள். எதிர்த்துச் சண்டை போட அணுக்கள் இல்லாததால் சளி, சீழ் என்று வேறு எதுவும் வெளியே தெரியாமல் போகலாம், ஜுரம் ஒன்றுதான் மணி அடிக்கும். பாராசிட்டமால் அந்த மணியின் வாயைப் பொத்திவிடுகிறது. மாத்திரை கொடுக்காதீர்கள், போன் செய்யுங்கள் என்று ஜூன் மாதமே எழுதிக் கொடுத்திருந்தேன். அந்தத் தாள் ஆபீஸ் ஃபைலில் பத்திரமாக இருந்தது. சிக் ரூமுக்குப் போகவில்லை.

அதனால்தான் டாக்டரே அரை நாள் என்று எழுதினார். மூன்று மணி நேரம் என்றால் சோர்வு குறைவு, டிபன் நேரத்து நெரிசல் இல்லை, பத்தரைக்கு நான் தொட்டுப் பார்த்துவிடுவேன். பள்ளியின் பயத்துக்குப் பதில்தான் அந்த அரை நாள். அதையே வேண்டாம் என்கிறார்கள்.

"நாளைக்கு எல்லாப் பெற்றோரும் அரை நாள் கேட்பார்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். கேட்கட்டும் சார். என் மகளைப் போல முதுகெலும்பில் ஊசி போட்ட சீட்டோடு வந்து கேட்கட்டும்.

வருகைப் பதிவு என்றார்கள். 75 சதவீதம் வேண்டுமாம். அது சி.பி.எஸ்.இ. பத்தாவது, பன்னிரண்டாவது தேர்வுக்கான விதி, அதிலும் உடம்பு சரியில்லாதவர்களுக்குத் தளர்வு உண்டு. இவள் நாலாவது. 2009ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை உட்கார்ந்து படித்தேன், ராத்திரி மாத்திரைக்காகக் காத்திருக்கிற நேரத்தில் வேறு என்ன வேலை. ஒன்று முதல் ஐந்து வரை வருடத்துக்குக் குறைந்தது 200 நாள், 800 மணி நேரம். வகுத்துப் பாருங்கள், நாளைக்கு நாலு மணி நேரம். இவர்கள் ஆறு மணி நேரம் நடத்துகிறார்கள், சந்தோஷம். நான் கேட்டது மூன்று. சட்டம் போதும் என்கிற அளவுக்கும் எனக்கும் இடையில் ஒரே ஒரு மணி நேரம்தான், அதை வீட்டில் நான் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்துக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் ஆப்பில் 'P', 'A' இரண்டுதான் இருக்கிறதாம், அரை நாளுக்குப் பொத்தான் இல்லையாம். ஒரு பொத்தான் இல்லாததால் ஒரு குழந்தை வீட்டில் இருக்கிறாள்.

என் அப்பா ரயில்வே, பரேல் ஒர்க்ஷாப். எனக்குப் பத்து வயது இருக்கும்போது அவருக்கு மஞ்சள் காமாலை வந்து ஆளே பாதியாகிவிட்டார். ரயில்வே டாக்டர் சீட்டில் 'லைட் டியூட்டி' என்று எழுதினார், அவ்வளவுதான். சம்மட்டி தூக்கிய மனிதரை இரண்டு மாதம் ஸ்டோரில் உட்கார்த்தி லெட்ஜர் எழுத விட்டார்கள். யாரும் "முழுசாகக் குணமாகி வா" என்று சொல்லவில்லை. டிபன் டப்பாவைத் துடைத்துக்கொண்டே அப்பா சொல்வார், "சும்மா படுத்துக் கிடந்திருந்தா செத்திருப்பேன்டி." இரும்பு அடிக்கிற இடத்தில் இருந்த வளைந்துகொடுக்கிற குணம், சுவர் முழுக்க ஹெலன் கெல்லர் படம் ஒட்டியிருக்கிற பள்ளியில் இல்லை.

அப்புறம் அந்த வகுப்புப் பெற்றோர் குரூப். அதில் ஒரு அம்மா, பெயர் சொல்லப் போவதில்லை, அவர் இங்கேயும் இருக்கிறார், படிப்பார். "இது தொத்துமா? நம்ம பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று கேட்டிருந்தார். தொத்தாது அம்மா. உங்கள் பையனிடமிருந்து என் மகளுக்குத்தான் தொத்தும். அவனுக்கு அம்மை போட்டால் வேப்பிலை கட்டி பத்து நாளில் எழுந்துவிடுவான், இவளுக்கு அது நுரையீரல் வரை போகக்கூடும். அம்மை போட்ட குழந்தையோடு ஒரே வகுப்பில் இருந்தாள் என்று உடனே தெரிந்தால் தடுக்க ஊசியோ மருந்தோ இருக்கிறது, நாள் தள்ளத் தள்ளப் பலன் குறையும். நான் உங்களிடம் கேட்பதெல்லாம், கொப்புளத்தைப் பார்த்த அன்றே ஒரு மெசேஜ். கேள்வி கேட்க டைப் செய்த அதே விரலால் அதையும் செய்யலாம்.

இன்னொரு கோஷ்டி "படிப்பா முக்கியம், உசிரா முக்கியம்" என்கிறது. போன ஞாயிறு கோயிலில் ஒரு மாமி நேரிலேயே கேட்டாள். முடியெல்லாம் வளர்ந்து நன்றாகத்தானே இருக்கிறாள், இன்னும் என்ன மருந்து என்றும் அவளே கேட்டாள். ஒரே மூச்சில் இரண்டும். ஒன்று, என் மகள் சாகக் கிடக்கிறாள், பள்ளி எதற்கு? அல்லது, அவளுக்கு ஒன்றுமே இல்லை, சலுகை எதற்கு? நடுவில் ஒரு இடம் இருக்கிறது மாமி, அங்கேதான் நாங்கள் இரண்டு வருடம் குடியிருக்கப் போகிறோம்.

படிப்புக்காக அனுப்புகிறேன் என்று யார் சொன்னது? பின்னக் கணக்கை நானே சொல்லிக் கொடுப்பேன். ஸ்டீராய்ட் ஐந்து நாளும் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பருப்பு சாதம் கேட்கிற குழந்தை, பிசைந்து கொடுத்தால் தட்டைத் தள்ளிவிட்டு என்னைக் கிள்ளுகிற குழந்தை, அந்த முதல் பீரியடில் மட்டும் யாரையும் கிள்ளாமல் உட்கார்ந்திருப்பாள். பக்கத்து பெஞ்ச் பெண் இவள் ரப்பரைத் திருடுவாள், இவள் அவள் ஸ்கேலை உடைப்பாள். அந்த மூன்று மணி நேரம் யாரும் அவளைப் பார்த்து "பாவம்" என்று சொல்வதில்லை. அதைத்தான் கேட்டேன். கெஞ்சிக் கேட்டேன் என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை மறுபடி போகிறேன். கடிதத்தில் இந்தத் தடவை பெருக்கலையும் போட்டுக் காட்டியிருக்கிறேன், நாலாம் வகுப்புக் கணக்குதான், பிரின்சிபாலுக்குப் புரியும். மௌஷிக்கு மராத்தியில் தனியாக ஒரு தாள், பெரிய எழுத்தில். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவரிடம் யாருமே சொல்லவில்லை. அட்மிட் ஆன மூன்றாம் நாள் விஷயம் தெரிந்து, கேட் வாட்ச்மேனிடம் என் நம்பரை வாங்கிப் போன் செய்து அழுதது அந்தப் பள்ளியில் அவர் ஒருவர்தான்.