பெருவெடிப்பை ஜேம்ஸ் வெப் பொய்யாக்கியதா?

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி பற்றி சென்னை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி: “பிரபஞ்சம் விரியும் வேகத்துக்கு ரெண்டு விடை வருது. பெருவெடிப்பே பொய்னு ஜேம்ஸ் வெப் நிரூபிச்சிடுச்சு!”

தவறு. இரண்டு விடைகளுமே பிரபஞ்சம் விரிகிறது என்றுதான் சொல்கின்றன. வேகத்தில்தான் சிக்கல்.

பிளாங்க் விண்கலம் பிரபஞ்சத்தின் ஆதி ஒளியை அளந்தது. அதிலிருந்து இன்றைய வேகத்தைக் கோட்பாட்டின் வழியே கணக்கிட்டால், ஒவ்வொரு 32.6 லட்சம் ஒளியாண்டு தொலைவுக்கும் சுமார் நொடிக்கு 67 கிலோமீட்டர் வருகிறது. வானியலாளர் ஆடம் ரீஸின் குழு, ஒளி சீராகக் கூடிக் குறையும் செஃபீட் விண்மீன்களைக் கொண்டு அருகிலுள்ள விண்மீன் மண்டலங்களின் தொலைவை அளந்து, அதை வைத்து வெடித்துச் சிதறும் விண்மீன்களான சூப்பர்நோவாக்களின் உண்மையான ஒளிர்வை அறிந்து, 73 என்கிறது.

ஹபிள் தொலைநோக்கியின் படங்களில் பக்கத்து விண்மீன்களின் ஒளியும் கலந்து, செஃபீட்கள் பிரகாசமாக, அதாவது உண்மையைவிட அருகில் இருப்பதாகத் தெரிந்தனவோ என்ற சந்தேகம் நியாயமானது. அப்படியானால் 73 என்பது மிகைதான். வெப் அவற்றைத் தெளிவாகப் பிரித்துப் பார்த்தது. ஹபிள் அளந்தது சரி என்றே தெரிந்தது.

கவலை இங்கேதான். ஆதி ஒளிக்கும் இன்றைக்கும் நடுவே கோட்பாடு எதையோ தவறவிட்டிருக்கலாம். ஆனால் வானியலாளர் வெண்டி ஃப்ரீட்மனின் குழு, வெப்பின் தரவையும் வேறு வகை விண்மீன்களையும் சேர்த்துக் கணக்கிட்டபோது கிட்டத்தட்ட 70 வந்தது. அதனால் அளவீட்டுப் பிழைக்கு இன்னும் இடம் இருக்கிறது.